பில்லில் ஏறாத முத்திரைக்குப் பொறுப்பு யார்?

நகைக்கடையில் நாம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: ‘இது நைன் ஒன் சிக்ஸ்தானே?’ விற்பனையாளர், ‘ஹால்மார்க் நகைதாம்மா, கவலையே வேண்டாம்’ என்பார். அதோடு தரத்தைப் பற்றிய பேச்சு முடிந்து சேதாரத்தைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடும். சேதாரத்தில் ஒரு சதவீதம் குறைப்பதற்காக அரை மணி நேரம் பேரம் பேசுகிறவர்கள்கூட, அந்த ஹால்மார்க் முத்திரையைத் தங்கள் கண்ணால் பார்க்காமலேயே பணத்தைக் கட்டிவிட்டு வருகிறார்கள்.

பேரத்தில் மிச்சப்படுவது ஒன்றிரண்டு சதவீதம். 22 கேரட் விலை கொடுத்து 20 கேரட் நகையை வாங்கிவிட்டால், தங்கத்துக்குக் கொடுத்த பணத்தில் 9 சதவீதம் அங்கேயே போய்விடுகிறது. மகளின் திருமணத்துக்கு 20 பவுன் வாங்குகிற குடும்பத்துக்கு அது கிட்டத்தட்ட இரண்டு பவுன். இந்த இழப்பு வாங்கிய அன்று தெரியாது. பல ஆண்டுகள் கழித்து, அவசரத்துக்கு அடகு வைக்கும்போதோ மாற்றும்போதோதான் தெரியவரும். அப்போது கையில் இருப்பது நகை மட்டும்தான். பில் தொலைந்திருக்கும், இருந்தாலும் அதில் ஒன்றும் எழுதியிருக்காது.

முத்திரையைச் சரிபார்ப்பதும், அதை பில்லில் எழுதி வாங்குவதும் ஒரே வேலையின் இரண்டு பாதிகள். முதல் பாதியைப் பற்றி இப்போது ஓரளவு விழிப்பு வந்திருக்கிறது. இரண்டாம் பாதியை அரசும் கடைகளும் வாங்குபவர்களும் சேர்ந்து கைவிட்டிருக்கிறோம்.

மூன்று குறிகள்

பிஐஎஸ் எனப்படும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2000-ம் ஆண்டில் தங்க நகைகளுக்கு ஹால்மார்க் திட்டத்தைக் கொண்டுவந்தது. இருபது ஆண்டுகளுக்கும் மேல் அது கடைக்காரரின் விருப்பத்தைப் பொறுத்ததாகவே இருந்தது. 2021 ஜூன் 23 முதல்தான், முதல் கட்டமாக 256 மாவட்டங்களில் கட்டாயமானது. பிறகு மாவட்டங்களின் எண்ணிக்கை படிப்படியாகக் கூட்டப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் ஒவ்வொரு நகைக்கும் தனி அடையாள எண் தரும் முறை வந்தது. 2023 ஏப்ரல் 1-க்குப் பிறகு, இந்த எண் இல்லாத நகையை ஹால்மார்க் நகை என்று கடையில் விற்கக் கூடாது.

இன்று கடையில் விற்கப்படும் புது நகையில் மூன்று குறிகள் இருக்க வேண்டும். முதலாவது, முக்கோண வடிவில் உள்ள பிஐஎஸ் சின்னம். இரண்டாவது, தரம். 22 கேரட் என்றால் 22K916 என்றும், 18 கேரட் என்றால் 18K750 என்றும் இருக்கும். ஆயிரம் பங்கில் எத்தனை பங்கு சுத்தத் தங்கம் என்பதே அந்த மூன்று இலக்க எண். மூன்றாவது, ஹெச்.யு.ஐ.டி. எனப்படும் ஆறு இடங்கள் கொண்ட அடையாள எண். ஆங்கில எழுத்துகளும் எண்களும் கலந்து வரும் இது, ஒரு நகைக்குக் கொடுத்தது இன்னொன்றுக்கு வராது.

இவற்றில் ஒன்று குறைந்தாலும் அது முழு ஹால்மார்க் ஆகாது. வெறுமனே ‘916’ என்று அடித்த எண்ணை எந்தப் பட்டறையிலும் யாரும் பொறித்துவிடலாம். ‘கேடிஎம்’ என்பதும் தரத்துக்குச் சான்று அல்ல. ஒரு காலத்தில் காட்மியம் கலந்து பற்றவைத்த நகைகளைச் சொல்லிய பெயர் அது. காட்மியப் புகை பற்றவைக்கும் ஆசாரியின் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடியது. ‘916 கேடிஎம்’ என்று ஒரு கடை இன்றும் பெருமையாகச் சொன்னால், அதை ஹால்மார்க் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

வீட்டில் உள்ள பழைய நகைகளைப் பற்றி அச்சப்பட வேண்டாம். பழைய முறைப்படி நான்கு குறிகள் பொறித்த நகையை வைத்திருப்பதிலும் விற்பதிலும் சட்டப் பிரச்சினை எதுவும் இல்லை. கட்டுப்பாடு கடைக்காரரின் விற்பனைக்குத்தான்.

கடையில் பார்க்க வேண்டியது

குறிகள் லேசரால் மிகச் சிறிதாகப் பொறிக்கப்பட்டிருக்கும். வளையலிலும் மோதிரத்திலும் உட்பக்கம், சங்கிலியில் கொக்கி அல்லது அதன் அருகில் உள்ள சிறு தகடு, தோட்டில் பின்பக்கம் என்று தேட வேண்டும். வெறும் கண்ணுக்கு ஒரு கீறல் போலத்தான் தெரியும். குறைந்தது பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கடையில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. ‘லென்ஸ் கொடுங்கள்’ என்று கேட்பது சலுகை கேட்பது அல்ல. கடை நெரிசலாக இருந்தாலும் கேட்கலாம். விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம்.

அடுத்தது கைபேசி. பிஐஎஸ்ஸின் BIS Care செயலியில் Verify HUID என்ற பகுதிக்குப் போய் அந்த ஆறு குறிகளையும் உள்ளிட வேண்டும். நகையை ஹால்மார்க்குக்கு அனுப்பிய நகைக்கடையின் பெயரும் பதிவெண்ணும், சோதித்த மையத்தின் விவரம், நகையின் வகை, தரம், ஹால்மார்க் செய்த தேதி ஆகியவை திரையில் வரும்.

‘செயலியில் வந்துவிட்டது, சரிதான்’ என்று பலரும் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். எண் இருக்கிறதா என்று பார்ப்பது போதாது. அந்த எண் கையில் உள்ள நகைக்குத்தான் உரியதா என்று பார்க்க வேண்டும். திரையில் ‘மோதிரம்’ என்று வந்து கையில் இருப்பது சங்கிலி என்றால், அந்த எண் வேறொரு நகையிலிருந்து எடுக்கப்பட்டது. திரையில் 18 கேரட் என்றும் நகையில் 22K916 என்றும் இருந்தால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

கடைப் பெயர் மாறுவதை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். நகை செய்யும் நிறுவனங்களும் மொத்த வியாபாரிகளும்கூட பிஐஎஸ்ஸில் பதிவு செய்து ஹால்மார்க் வாங்குகிறார்கள். அவர்களிடம் வாங்கி விற்கும் கடை என்றால், செயலியில் அவர்கள் பெயர்தான் வரும். அதை மோசடி என்று சொல்லிவிட முடியாது. ‘இது யார், இவர்களிடமிருந்துதான் வாங்கினீர்களா?’ என்று கேட்டால் நேர்மையான கடைக்காரர் தயங்காமல் பதில் சொல்வார்.

இவ்வளவுக்குப் பிறகும் தப்பிவிடக்கூடிய மோசடிகள் இரண்டு. ஒன்று, உண்மையான ஒரு சங்கிலியின் எண்ணை, தரம் குறைந்த இன்னொரு சங்கிலியில் அப்படியே பொறிப்பது. வகையும் தரமும் பொருந்துவதால் செயலியில் எல்லாம் சரியாகவே வரும். இரண்டாவது, முறையாக முத்திரை பெற்ற கொக்கியைக் கழற்றி, முத்திரை பெறாத சங்கிலியில் பற்றவைப்பது. குறி உண்மை, எண் உண்மை, சங்கிலி மட்டும் வேறு. முத்திரைக்குப் பக்கத்தில் புதுப் பற்றின் தடம் தெரிகிறதா, கொக்கியின் நிறமும் சங்கிலியின் நிறமும் வேறுபடுகின்றனவா என்று லென்ஸில் பார்க்கலாம். ஆனால் கைதேர்ந்தவர் செய்த வேலை என்றால் நம் கண்ணுக்குப் பிடிபடாது.

கடைகளில் வைத்திருக்கும் எக்ஸ்ரே கருவிக்கும் ஓர் எல்லை உண்டு. நகையை உள்ளே வைத்தால் சில நொடிகளில் சதவீதத்தைக் காட்டும். ஆனால் அது நகையின் மேற்பரப்பில் மிக மெல்லிய அளவைத்தான் பார்க்கிறது. கனமாக முலாம் பூசியிருந்தால் முலாமின் தரத்தைத்தான் சொல்லும். தீர்மானமான சோதனை, ஹால்மார்க் மையங்களில் செய்யப்படும் தீச்சோதனை. நகையிலிருந்து ஒரு துணுக்கை வெட்டி எடை பார்த்து, வெள்ளி சேர்த்து, ஈயத் தகட்டில் சுற்றி, ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடான உலையில் ஒரு சிறு கிண்ணத்தில் வைப்பார்கள். ஈயமும் செம்பும் ஆக்சைடாகி அந்தக் கிண்ணத்துக்குள் ஊறிப்போகும். தங்கமும் வெள்ளியும் சேர்ந்த ஒரு மணி மிஞ்சும். அதைத் தட்டித் தகடாக்கி, சுருட்டி, நைட்ரிக் அமிலத்தில் கொதிக்கவைத்தால் வெள்ளி கரைந்து தங்கம் மட்டும் நிற்கும். தொடக்க எடையோடு இந்தத் தங்கத்தின் எடையை ஒப்பிட்டால் தரம் தெரிந்துவிடும். ஹால்மார்க் செய்யும்போதும் எல்லா நகைகளையும் இப்படி வெட்டிப் பார்ப்பதில்லை. ஒரு தொகுதியிலிருந்து மாதிரிகளை எடுத்துத்தான் பார்க்கிறார்கள்.

ஆக, கடையில் நாம் செய்யும் எந்தச் சோதனையும் முழு உத்தரவாதம் தராது. பிறகு தவறு தெரியவந்தால் பதில் சொல்ல ஒருவர் இருக்க வேண்டும். அவர் யார், எதை, எந்தத் தரம் என்று சொல்லி விற்றார் என்பதற்கு ஒரே சாட்சி பில்.

பில்லில் என்ன இருக்க வேண்டும்?

ஹால்மார்க் நகைக்கான பில்லில் ஒவ்வொரு நகையின் விவரம், தங்கத்தின் நிகர எடை, கேரட்டிலும் ஆயிரத்துக்கு இத்தனை என்ற கணக்கிலும் தரம், ஹால்மார்க் கட்டணம் ஆகியவை தனித்தனியாக இருக்க வேண்டும் என்கிறது பிஐஎஸ். ஒரு கல் நெக்லஸை எடுத்துக்கொண்டு, இந்த விவரங்கள் எதற்கு என்று பார்ப்போம்.

தராசில் நெக்லஸின் மொத்த எடை 32 கிராம். அதில் பதித்த கற்களின் எடை 3.200 கிராம். அப்படியானால் தங்கம் 28.800 கிராம். கணக்கு எளிதாக இருக்க, 22 கேரட் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தங்கத்தின் விலை 2,88,000 ரூபாய். சேதாரம் 12 சதவீதம் என்று பேசி முடித்திருந்தால் 34,560 ரூபாய். கற்களுக்கு 2,500 ரூபாய். மூன்றும் சேர்ந்து 3,25,060 ரூபாய். இதற்கு 3 சதவீத ஜி.எஸ்.டி. 9,751 ரூபாய் 80 காசு. ஹால்மார்க் கட்டணம் ஒரு பொருளுக்கு 45 ரூபாய். அதற்கு 18 சதவீத வரி சேர்த்து 53 ரூபாய் 10 காசு. கட்ட வேண்டிய மொத்தத் தொகை 3,34,864 ரூபாய் 90 காசு.

இதே நெக்லஸுக்கு ‘நெக்லஸ் 1, எடை 32 கிராம்’ என்று மட்டும் எழுதிய பில் வந்தால் என்ன ஆகும்? 3.200 கிராம் கல்லுக்குத் தங்க விலையில் 32,000 ரூபாய் கொடுத்திருப்போம். அந்த எடைக்கும் சேர்த்துச் சேதாரம் 3,840 ரூபாய் போயிருக்கும். வரிக்கு முன்பே 35,840 ரூபாய் நஷ்டம். கல்லுக்கென்று தனியாக ஒரு தொகை வாங்கியிருந்தால், ஒரே கல்லுக்கு இரண்டு முறை பணம் கட்டியிருப்போம். நாளை அதே நகையை மாற்றப் போனால், அங்கே முதல் வேலையாகக் கல் எடையைக் கழிப்பார்கள். வாங்கும்போது கழிக்காத எடையை விற்கும்போது கழிப்பார்கள் என்பதால், மொத்த எடை, கல் எடை, நிகர எடை மூன்றையும் தனித்தனியாக எழுதி வாங்க வேண்டும்.

ஹால்மார்க் கட்டணம் சிறு தொகைதான் என்றாலும் அது பில்லில் தனி வரியாக இருக்க வேண்டும். இந்த நகை ஹால்மார்க் நகை என்று சொல்லித்தான் விற்கப்பட்டது என்பதற்கு அந்த வரி ஒரு எழுத்துச் சான்று. ‘ஹால்மார்க் சார்ஜ்’ என்று நகைக்கு நூற்றுக்கணக்கில் வாங்குவதாக இருந்தால், அதுவும் அந்த வரியில் தெரிந்துவிடும். கட்டணம் நகையின் எண்ணிக்கைக்குத்தான், எடைக்கு அல்ல. இரண்டு கிராம் மோதிரத்துக்கும் 80 கிராம் ஆரத்துக்கும் அதே 45 ரூபாய்தான்.

தரம் குறைந்தால்

ஹால்மார்க் நகையில் குறித்ததைவிடத் தரம் குறைவாக இருந்தால், அந்தக் குறைவின் மதிப்பைப் போல் இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் வாங்கியவருக்குத் தர வேண்டும் என்று பிஐஎஸ் விதிகள், 2018 சொல்கின்றன. நம் நெக்லஸையே எடுத்துக்கொள்வோம். பிஐஎஸ் அங்கீகாரம் பெற்ற மையத்தில் சோதித்துப் பார்த்ததில் 916-க்குப் பதிலாக 833 என்று வருகிறது. குறைவு ஆயிரத்துக்கு 83. 28.800 கிராமுக்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய 2.39 கிராம் சுத்தத் தங்கம். தங்கத்துக்குக் கொடுத்த 2,88,000 ரூபாயில் அதன் பங்கு சுமார் 26,000 ரூபாய். இரண்டு மடங்கு என்றால் 52,000 ரூபாயும் சோதனைக் கட்டணமும் கிடைக்க வேண்டும்.

இந்தக் கணக்கு முழுவதும் பில்லில் உள்ள எண்களைக் கொண்டு போட்டது. நிகர எடை இல்லை என்றால் எத்தனை கிராமுக்குக் கணக்கிடுவது? தரம் எழுதவில்லை என்றால் எதைவிடக் குறைவு என்று சொல்வது? ஹெச்.யு.ஐ.டி. எழுதவில்லை என்றால் ஒரே ஒரு வாக்கியத்தில் கடைக்காரர் வழக்கை முடித்துவிடுவார்: ‘இது எங்கள் நகையே இல்லை.’

அந்த வாக்கியத்துக்கு இன்றைய விதிகளில் பதில் இல்லை என்பதுதான் என் கவலை. பில்லில் இருக்க வேண்டிய விவரங்களாக பிஐஎஸ் சொல்லும் பட்டியலில் ஹெச்.யு.ஐ.டி. இல்லை. ஒவ்வொரு நகைக்கும் நாடு முழுவதும் தனித்த ஓர் எண்ணைக் கொடுத்தாகிவிட்டது. அதைச் சரிபார்க்க எல்லோருக்கும் ஒரு செயலியும் கொடுத்தாகிவிட்டது. வாங்கியவரையும் நகையையும் கடையையும் இணைக்கிற ஒரே தாளில் மட்டும் அந்த எண் ஏறவில்லை. கைபேசி வாங்கினால் அதன் பதினைந்து இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணை பில்லில் அச்சடித்துத் தருகிறார்கள். பத்தாயிரம் ரூபாய்ப் பொருளுக்குச் செய்வதை மூன்று லட்சம் ரூபாய் நகைக்குச் செய்ய முடியாதா? ஆறே ஆறு குறிகள்தான். பல கடைகளில் நகையோடு கட்டிய சிறு சீட்டிலேயே அது அச்சிட்டும் இருக்கிறது. பில் போடும் கணினியில் அதை ஏற்றுவதற்கு ஒரு வரி கூட்டினால் போதும்.

இதைவிடப் பெரிய ஓட்டை ‘எஸ்டிமேட்’ சீட்டு. ‘பில் வேண்டாம் என்றால் ஜி.எஸ்.டி. மிச்சம்’ என்று சொல்லி, கடைப் பெயர்கூட இல்லாத ஒரு துண்டுத் தாளில் எடையையும் தொகையையும் எழுதித் தரும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. நம் நெக்லஸில் அப்படி மிச்சமாவது 9,751 ரூபாய். அதற்கு ஈடாக விட்டுக்கொடுப்பது, கடை மீது வழக்குப் போட்டால் காட்ட வேண்டிய சாட்சியையே. தரம் சரியாக உள்ள நகையைத் துண்டுச் சீட்டில் விற்பதால் கடைக்கு வரி மிச்சம். தரம் குறைந்த நகையை அப்படி விற்றால் வரியோடு பொறுப்பும் மிச்சம். முத்திரையைப் போலியாக்குகிறவருக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி வேறு கிடையாது. எஸ்டிமேட் சீட்டைக் கணக்குப் பார்க்க மட்டும் பயன்படுத்தலாம். பணம் கைமாறுவது பில்லுக்கு எதிராகத்தான் இருக்க வேண்டும்.

சந்தேகம் வந்தால் எங்கே போவது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பிஐஎஸ் அங்கீகாரம் பெற்ற மையத்தில் பொதுமக்களே நேரில் போய் நகையைச் சோதித்து அறிக்கை வாங்கலாம். நான்கு நகைகள் வரை கட்டணம் 200 ரூபாயும் வரியும்தான். அறிக்கையில் குறைவு தெரிந்தால், அதையும் பில்லையும் வைத்து BIS Care செயலியிலேயே புகார் அளிக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் சொல்லலாம். தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ம் ஆண்டுச் சட்டப்படி, கடை எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். அதற்கான காலக்கெடு இரண்டு ஆண்டுகள். பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டு பத்து ஆண்டு கழித்து எடுத்துப் பார்ப்பதைவிட, வாங்கிய சில மாதங்களுக்குள் ஒருமுறை சோதித்துவிடுவது நல்லது.

சில விதிவிலக்குகள் உள்ளன. இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைகளுக்கும், குந்தன், போல்கி, ஜடாவ் வேலைப்பாடு கொண்ட நகைகளுக்கும், ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய்க்குக் கீழ் உள்ள சிறு கடைகளுக்கும் ஹால்மார்க் கட்டாயம் இல்லை. குழந்தைக்கு வாங்கும் சிறு மோதிரமும் மூக்குத்தியும் இதில் அடங்கிவிடும். முத்திரை இல்லாத இந்த நகைகளுக்குத்தான் எடையும் தரமும் தெளிவாக எழுதிய பில் இன்னும் அவசியம். அங்கே வேறு சாட்சியே கிடையாது.

அரசு செய்ய வேண்டியது ஒரே ஒரு திருத்தம்: ஹால்மார்க் நகைக்கான பில்லில் ஒவ்வொரு நகையின் ஹெச்.யு.ஐ.டி. எண்ணும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும் என்பதைக் கட்டாயமாக்குவது. அப்படிச் செய்தால், ஒரே எண் இரண்டு கடைகளின் பில்களில் வரும்போதே நகல் முத்திரை வெளிப்பட்டுவிடும். நேர்மையாக வியாபாரம் செய்யும் கடைகளுக்கு இதனால் இழப்பு எதுவும் இல்லை. தரம் குறைந்த நகையை மலிவாக விற்கிறவரோடு போட்டி போட வேண்டிய நிலை குறைவதால், அவர்களுக்கு லாபம்தான்.

அந்தத் திருத்தம் வரும்வரை வாங்குகிறவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. பணம் கட்டுவதற்கு முன், பில் போடுபவரிடம், ‘நிகர எடை, கேரட், ஹெச்.யு.ஐ.டி. மூன்றையும் பில்லில் எழுதி, கடை முத்திரை வைத்துக் கொடுங்கள்’ என்று கேளுங்கள். அச்சில் வராது என்றால் பேனாவால் எழுதிக் கையெழுத்திடச் சொல்லுங்கள். அதற்கும் மறுக்கிற கடையில் நகையை வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.